கழற்றி வைக்கவும்

படத்தில் முகம் வராது, கை மட்டும்தான் வரும் என்று சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். முகம் வந்தால் கொழுந்தன் வீட்டில் பேச்சு கிளம்பும் என்று பயந்தாள். "புருஷன் ஆஸ்பத்திரில கெடக்கறான், இவ வீடியோவுக்கு நின்னுக்கினு இருக்கறாளேன்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க டீச்சர்" என்றாள். கைக்கு யார் பெயர் வைத்து அடையாளம் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நான் சிரித்தேன். கையைப் பார்த்தே ஒருத்தியின் கதை முழுக்கச் சொல்லிவிடுவார்கள் நம் பெண்கள் என்பது அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இரண்டாயிரம் தொடங்கி ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில், பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் பெண்கள் பயிற்சி மையம் நடந்துகொண்டிருந்தது. தையல், தட்டச்சு, சோப்புப் பவுடர் என்று ஏதாவது ஓடும். நான் அதற்கு முன் மழலைப் பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் மையத்திலும் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். பாடங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வருஷம் புதிதாகச் சைக்கிள் ரிப்பேர் வகுப்பு வந்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் பாதிப்பேர் சைக்கிளில்தான் வருவார்கள். பஞ்சரானால் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். அவர்களே ஒட்டிக்கொண்டால் என்ன, நாலு பேருக்கு ஒட்டிக் கொடுத்தால்தான் என்ன என்பது மையத்தை நடத்திய மேடத்தின் எண்ணம். நல்ல எண்ணம்தான். அந்த மேடத்தோடு நான் போடாத சண்டை இல்லை, ஆனால் நல்லதை நல்லது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

வகுப்புக்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்றார் மேடம். டிவியில் போட்டுக் காட்டினால் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கை வேலை தெரியும். படத்தில் யார் கை வருகிறதோ அவரே வகுப்புக்கும் இன்ஸ்ட்ரக்டர். வகுப்பு தொடங்குவதற்குள் படம் முடியவில்லை என்றால், கடலூரிலிருந்து ஒரு ஆண் வாத்தியார் தன் படத்தோடு தயாராக இருக்கிறார், அவரைக் கூப்பிட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு அவளைத் தெரியும். கடைசி பிளாக் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில் அவள் புருஷன் பஞ்சர் கடை வைத்திருந்தான். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆட்கள். ரெண்டு பேர் வீட்டிலும் அடுத்தவர் வயலில் இறங்கியே காலம் தள்ளியவர்கள். இந்தக் கடைதான் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது. அதுவும் அவனும் அவன் தம்பியும் சேர்ந்து போட்ட கடை. அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய ஆரம்பித்ததிலிருந்து இவள்தான் கடையில் உட்கார்ந்தாள். தம்பிக்காரன் அது பிடிக்காமல் முறைத்துக்கொண்டே இருந்தான். அண்ணன் கண்ணை மூடினால் கடை யாருக்குப் போகும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த இன்ஸ்ட்ரக்டர் வேலையை எப்படியாவது அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

படத்துக்கு எழுதுவது எனக்கும் புதுசு. தாளின் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் கை என்ன செய்கிறது, வலது பக்கம் குரல் என்ன சொல்கிறது என்று எழுதச் சொன்னார் வீடியோக்காரர். நகரியத்தில் பாதிக் கல்யாணம் அவர் எடுத்ததுதான். "டீச்சர், கை ஒரு வேலைய முடிக்கும்போது உங்க வரியும் முடிஞ்சிருக்கணும். கை நெம்பிக்கிட்டு இருக்கும்போது நீங்க பம்ப்புக்குப் போயிட்டீங்கன்னா பாக்கறவங்க கொழம்பிடுவாங்க" என்றார். அதற்காக அவள் கடையில் போய் உட்கார்ந்து, அவள் ஒட்டுவதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். முதலில் நான் எழுதிக்கொண்டு போனதில் டயரைக் கழற்றுவது ஒரே வரி. அவள் கை அதற்கு எவ்வளவோ செய்தது. வால்வைப் பிடுங்கி மிச்சக் காற்றை விட்டு, வால்வை ரிம்மோடு இறுக்குகிற திருகைக் கழற்றி, வால்வுக்கு எதிர்ப் பக்கத்தில் முதல் லீவரைச் செருகி நெம்பி, அதை அப்படியே சக்கரக் கம்பியில் மாட்டி நிறுத்திவிட்டு, ஒரு ஜாண் தள்ளி ரெண்டாவது லீவர். வால்வு பக்கம் தொடங்கினால் டியூப் அடியில் மாட்டிக் கிழிந்துபோகும். ஒவ்வொன்றும் ஒரு வரி ஆயிற்று.

சாமான்கள் வரிசை சுலபமாக வந்தது. டயர் லீவர் இரண்டு, ஸ்பேனர், பம்ப், அகலமான தட்டில் தண்ணீர், உப்புத்தாள், பேட்ச், சொல்யூஷன், கத்தரிக்கோல், சாக்பீஸ், சின்னச் சுத்தி, குறடு, ஒரு பழந்துணி. எச்சரிக்கையும் எழுதினேன். சொல்யூஷன் பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக்கூடாது. மூடிய அறையில் அதை மோந்துகொண்டு உட்காரக்கூடாது. டயருக்குள் முள் இருக்கிறதா என்று வெறும் விரலால் தடவக்கூடாது, துணியைச் சுற்றிக்கொண்டு தடவ வேண்டும். எங்கள் பக்கத்து வேலிகாத்தான் முள் ஏறினால் விரல் சீழ் வைக்காமல் விடாது. எல்லாவற்றுக்கும் முதல் எச்சரிக்கையாக இதைப் போட்டிருந்தேன்: "வேலையைத் தொடங்குமுன் மோதிரம், வாட்ச், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும்."

படித்துக் காட்டினேன். மற்றதற்கெல்லாம் தலையாட்டியவள் அந்த வரியில் நின்றாள்.

"அது மட்டும் வுட்டுடுங்க டீச்சர்."

"எதை விடுறது? கம்பியில வளையல் மாட்டினா கையே போயிடும். கண்ணாடி ஒடஞ்சு டியூபைக் கிழிக்கும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அவுரு அங்க படுத்துக்கினு இருக்கசொல்ல நான் எப்பிடி இதக் கழட்டறது?" என்று இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். தாலிக்கயிறு அறுந்துபோனால்கூட அறுந்தது என்று சொல்ல மாட்டார்கள், பெருகிப்போச்சு என்பார்கள். அப்படிப்பட்டவளிடம் போய் கேமரா முன்னால் வளையலைக் கழற்று என்றால்? எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். வளையலுக்கும் புருஷன் உயிருக்கும் முடிச்சுப் போடுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அடி போடி, இரும்பைத் தொடுகிற வேலைக்கு வந்துவிட்டு இதென்ன என்று கத்தலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், கத்தவில்லை.

வழி அவளே சொன்னாள். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, பழைய டியூபில் ஒரு வளையம் நறுக்கி அதன்மேல் மாட்டிக்கொண்டாள். கீழே இறங்காமல் நின்றது. நான் வரியை மாற்றினேன்: "மோதிரம், வாட்ச் அணிந்திருந்தால் கழற்றவும். வளையல்களை மேலே ஏற்றி, இறங்காதபடி ரப்பர் போடவும்." எனக்குத் திருப்தி இல்லைதான். ஆனால் அவள் கை வேண்டும், வேலை அவளுக்கு வேண்டும், அவள் மனசும் நோகக்கூடாது. மூன்றும் சேர வேண்டுமானால் இப்படித்தான்.

முதல் நாள் மையத்தின் பின்பக்க முந்திரி மர நிழலில் எடுத்தோம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தினோம். நான் ஓரமாக நின்று ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவள் கை அதன்படி போயிற்று. ஷிப்டு சங்கு ஊதியபோது நிறுத்தினோம். சைக்கிள்கள் சாரிசாரியாகப் போய் முடிந்தபிறகு மறுபடி தொடங்கினோம். லீவர் போட்டாள், டியூபை உருவினாள், வால்வைத் திரும்பப் பொருத்திக் காற்றடித்து, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. "அங்கதான்" என்று தானாகவே சொல்லிவிட்டாள். குரல் நான்தானே, நீ பேசாதே என்றேன். சிரித்தாள். துளையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். அத்தோடு வெளிச்சம் போய்விட்டது. மிச்சம் பாதி: தேய்ப்பது, சொல்யூஷன், பேட்ச், திரும்ப மாட்டுவது.

அடுத்த நாளே எடுத்து முடித்திருக்கலாம். வீடியோக்காரருக்கு வரிசையாக முகூர்த்தம். "பாதிதானே டீச்சர், இதோ கல்யாணச் சீசன் முடியட்டும், ஒரு காலைல முடிச்சிரலாம்" என்றார். அந்த மனுஷனைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் பிழைப்பு அது. ஆனாலும் அப்புறம் பல நாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அதற்கிடையில் அவள் புருஷன் செத்துப்போனான். பாண்டிச்சேரியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

நான் சாவுக்கும் போனேன், கருமாதிக்கும் போனேன். கருமாதியன்று விடிந்தும் விடியாததுமாக அவளை உட்காரவைத்து, தலை நிறையப் பூ வைத்து, இரண்டு கையிலும் புது வளையல் அடுக்கினார்கள். முழங்கை வரைக்கும் அடுக்கினார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு போட்டிருக்க மாட்டாள். அப்புறம் தாலியறுத்த பெண்கள் நாலு பேர் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்கள். ஒரு சேலையை மறைவாகப் பிடித்தார்கள். மற்ற பெண்கள் யாரும் பார்க்கக்கூடாதாம், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது மணிக்கட்டில் கீறல்கள் இருந்தன. மஞ்சள் வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார், "கொஞ்சம் மெதுவா ஒடைச்சா என்னாவாம்" என்று முணுமுணுத்துவிட்டு அழுதாள். ஆண்டவரே, இது என்ன சடங்கு என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. யாரிடம் போய்க் கேட்பது? செய்கிறவர்களும் ஒருநாள் அதை வாங்கியவர்கள்தானே.

கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

வகுப்பு தொடங்க நாள் நெருங்கிவிட்டது. மேடத்தின் அறையில் நான், மேடம், வீடியோக்காரர். எடுத்தவரைக்கும் டிவியில் போட்டுப் பார்த்தோம். சிவப்பும் பச்சையும் வளையல் போட்ட கை, சாக்பீஸ் வட்டத்தோடு நின்றது.

"இதுக்கு மேல மொட்டக் கை வந்தா கன்டினியுட்டி போயிடும் மேடம், முன்ன எடுத்ததோட ஒட்டாது" என்றார் வீடியோக்காரர்.

"தையல் டீச்சரோட கைய வெச்சு மிச்சத்த எடுத்துடலாமா? வளையல் இருக்கே" என்றார் மேடம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அப்ப இன்ஸ்ட்ரக்டர் வேலை யாருக்கு? தையல் டீச்சருக்கா? அவங்களுக்கு லீவரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னாவது தெரியுமா?" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கு மட்டும் மனசில்லையா டீச்சர்? முதல்லேர்ந்து திருப்பி எடுக்கறதுக்கு இவருக்கு நேரமில்ல. எடுத்தாலும், புதுசா ஒரு தொழில் தொடங்க வர்ற பொண்ணுங்க. தொறந்ததும் வெறுங்கை. எவளாவது ஒருத்தி அபசகுனம்னு எந்திரிச்சிப் போனா அப்புறம் ஒருத்தியும் உக்கார மாட்டா. அது இவளுக்குத்தான் அவமானம்."  மேடம் சொன்னது அநியாயம்தான், ஆனால் நடக்கக்கூடியது.

வீடியோக்காரர் இன்னொன்று சொன்னார். "எடுக்கற நேரத்துக்கு மட்டும் அந்தம்மா அதே மாதிரி வளையலப் போட்டுக்கட்டுமே. முடிஞ்சதும் கழட்டிடட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

அதை அவளிடம் கேட்கிற பாவத்தை என் தலையில் கட்டினார்கள். போனேன். வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவள் நான், நேராகவே கேட்டேன். அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டுக்கறேன்னே வெச்சிக்குங்க. படம் முடிஞ்சதும் மறுபடி யாரு ஒடைக்கறது டீச்சர்?"

ஒடைக்க வேண்டாம்மா, கழற்றினால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அது ஒன்றுதான் என்று புரிந்தது.  முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள், "அப்ப அந்த வேல எனக்கு இல்லியா?" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடை போய்விட்டது. கொழுந்தன் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்கு? களையெடுக்கத் திரும்பப் போக வேண்டும். அவள் கேட்டதோடு சரி.

"உனக்குத்தான் அந்த வேலை. நாளன்னைக்கு வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

வீட்டுக்கு வந்து, கோடு போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். இடது பக்கம் வளையல் கை போய் வெறுங்கை வரப்போகிறது. அதை என்னால் மாற்ற முடியாது. வலது பக்கம் என்னுடையது. சாக்பீஸ் வட்டத்துக்கும் உப்புத்தாளுக்கும் நடுவில் ஒரு வரி எழுதினேன்: "துளையைக் குறித்தாயிற்று. இனித் தேய்க்கும் வேலை, ஒட்டும் வேலை. இதற்கு வளையல்களை மேலே ஏற்றிக் கட்டினால் போதாது. முழுவதுமாகக் கழற்றி வைக்கவும்." அதற்குக் காரணமும் எழுதினேன். கண்ணாடி விளிம்பு டியூபில் உரசும், சொல்யூஷன் ஒட்டினால் வளையல் வீணாகும். பொய் ஒன்றும் இல்லை. முதலிலேயே நான் எழுதிய எச்சரிக்கைதான், பாதிக்கு நகர்ந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் வரியைக் கேட்பார்கள், கையைப் பார்ப்பார்கள், இரண்டும் பொருந்திப் போகும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீடியோக்காரர் படித்துவிட்டு, "சூப்பர் டீச்சர், ஒரு கட் போட்டா சேந்துரும்" என்றார். மேடம்கூட என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்த மாதிரி கழட்டி வெச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தக் காலைதான் நான் பார்த்ததிலேயே அவள் கை மிக மெதுவாக வேலை செய்த காலை. காற்றை இறக்கி, டியூபைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தாள். சாக்பீஸ் வட்டத்தைச் சுற்றி, பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேய்த்தாள். பளபளப்பு போய் ரப்பர் சாம்பல் பூத்தது. சொல்யூஷனை மெல்லிசாகத் தடவினாள். அது காய்கிற நேரத்துக்கு என்னிடம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "உடனே ஒட்டக்கூடாது. ஈரப் பளபளப்பு போகும்வரை பொறுக்கவும்." வரி முடிந்துவிட்டது. கை காத்திருந்தது. எதுவும் செய்யாமல் மடியில் கிடந்த இரண்டு கைகளை வீடியோக்காரர் எடுத்துக்கொண்டே இருந்தார். மணிக்கட்டுக் கீறல்கள் ஆறிக் கோடு கோடாகத் தெரிந்தன. கட் சொல்லுங்களேன் என்று எனக்குக் கத்தத் தோன்றியது. 

பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கினாள், சுத்தியால் மெல்லத் தட்டினாள். காற்றடித்துத் தண்ணீரில் முக்கினாள், குமிழ் இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு டயரின் உட்புறம் தடவி, முள்ளின் முனையைக் குறடால் பிடுங்கிக் காட்டினாள். வால்வை முதலில் ரிம்மில் நுழைத்து, டியூபைச் சுற்றிலும் திணித்து, டயரைக் கட்டைவிரலாலேயே தள்ளி ஏற்றினாள். கடைசிக் கொஞ்சத்துக்கு லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடும். பம்ப் அடித்தாள். கடைசிக் காட்சி, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அதோடு படம் முடிந்தது.

வகுப்பு தொடங்கிய அன்று கூடத்தில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். குள்ளஞ்சாவடிப் பக்கமிருந்துகூட வந்திருந்தார்கள். அவள் டிவிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள், கைகளை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு. படம் ஓடியது. என் குரலை நானே கேட்பதில் ஒரு கூச்சம் இருந்தது. சாக்பீஸ் வட்டம் வந்தது. கழற்றி வைக்கவும் என்று சொன்னேன். வெறுங்கை வந்தது. ஒருத்தியும் அசையவில்லை. பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். புதுசாகக் கல்யாணம் ஆனவள், தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் ஈரம் மாதிரி இருந்தது. கை நிறைய வளையல்.

"அக்கா, ஒரு டவுட்டு. நடுவுல வளையலக் கழட்டி வெச்சாங்கள்ல, கடைசில கை கழுவிட்டுப் போட்டுக்கவே இல்லியே? மறந்துட்டீங்களா?"

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. பின்வரிசையில் வயசான இரண்டு பேர் முகம் மாறியது. அவர்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கூடம் முழுக்க அவள் கையைத் தேடியது. நான் எழுந்துவிட்டேன். "அவ்வளவு தூரம் எடுக்கல, டேப்பு தீந்துபோச்சு" என்று ஏதோ உளறினேன்.

"இருங்க டீச்சர்" என்றாள் அவள். முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

"மறக்கலம்மா. படத்துல அப்பிடிச் சொல்றாங்க, நான் கழட்டல. ஒடைச்சிட்டாங்க. மொதப் பாதி எடுக்கசொல்ல அவுரு இருந்தாரு."

 மேடம் கதவருகே நின்றபடி தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போவதானால் இப்போதுதான் போவார்கள் என்று நான் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அங்கேதான் பார்த்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள்:

"நீங்கள்லாம் கழட்டி வெச்சிட்டுச் செய்யுங்க. கம்பில மாட்டும், கை போயிடும். வேல முடிஞ்சதும் மறக்காம எடுத்துப் போட்டுக்குங்க."

அந்தப் புதுப்பெண் நின்றபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாள். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். இவள் சாமான் தட்டைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, தொட்டுவிடாதபடி இரண்டடி பின்னால் போனாள். புதுப்பெண்ணைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, இவளாகவே போனாள்.

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். அதில் லீவரும் சுத்தியும் கிடந்தன.

"அதுல போட்டா ஒடைஞ்சிடும்க்கா. நீங்களே வெச்சிருங்க" என்று கிட்டே போய், இவளுடைய கையைப் பிடித்து விரித்து, வளையல்களை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

 முதல் பாடம் அன்று டயரை நெம்புவது. இவளுடைய இடது கை அந்த வளையல்களோடு மூடியே இருந்தது. வலது கையால் மட்டும் லீவரைப் பிடித்து, ஒவ்வொருத்தியிடமும் போய்க் குனிந்து, இப்படி, இன்னும் கொஞ்சம் என்று காட்டிக்கொண்டே போனாள்.